வலமிருந்து இடம்

சவூதிக்கு வேலைக்குப் போகுமுன் அரபு எழுதப் பழகுபவர், நோட்டை நாம் பின்னட்டை என்று நினைக்கும் பக்கத்திலிருந்து திறக்க வேண்டும். தைத்த ஓரம் வலக்கைப் பக்கம் இருக்கும். தாளை இடமிருந்து வலமாகப் புரட்டுவார்கள். எழுதும்போது வலக்கை, எழுதி முடித்த வரி மேலேயே நகரும். மை ஈரமாக இருந்தால் தீற்றிவிடும். கையை வரிக்குக் கீழே வைத்துக்கொள்வது நல்லது.

உண்மையான தடுமாற்றம் எண்களில்தான். எழுத்து வலமிருந்து ஓடினாலும், எண்ணில் பெரிய இலக்கம் நம்மைப் போலவே இடப்பக்கம் நிற்கும். ஆகவே வரியில் எண் வந்ததும் கண் அதன் இடமுனைக்குத் தாவி, அங்கிருந்து வலப்பக்கமாகப் படிக்க வேண்டும். கையால் எழுதும்போது எண்ணுக்குரிய இடத்தை முன்கூட்டியே விட்டுவிட்டு, இடமுனையிலிருந்து எழுதலாம்.

உருவமும் ஏமாற்றும். அங்கே 5 ஒரு சிறு வட்டம். பூஜ்யம் வெறும் புள்ளி. கடையில் 250 ரியால் என்ற விலைச்சீட்டில் வட்டத்தைப் பூஜ்யமாக எண்ணி, புள்ளியைக் கவனிக்காமல் விட்டால், அது 20 ரியாலாகத் தெரியும். பணம் எடுக்குமுன் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள்.