மில்லிகிராம்தானேனு விடாதீங்க!

தராசில் மோதிரம் 4.002 கிராம். பில்லில் 4.01. வெறும் 8 மில்லிகிராம்தானேனு தோணும்.

கிராம் 10,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். அந்த 8 மில்லிகிராமே 80 ரூபாய். அடுத்து 12% சேதாரம். 4.01-க்கு 0.4812 கிராம் வரும். அதையும் 0.49னு ஏத்திப் போட்டா, மொத்தம் 4.50 கிராம். ஆனா, சரியான கணக்கு 4.482 கிராம்தான். இந்த 18 மில்லிகிராம் வித்தியாசத்துக்கு, 3% ஜிஎஸ்டியும் சேர்ந்து 180 ரூபாய்க்கு மேல் போகுது. இதே மாதிரி அஞ்சு மோதிரம் வாங்கினா 900 ரூபாயைத் தாண்டிடும்.

அதனால, நகையை வைக்கிறதுக்கு முன்னாடி தராசு 0.000 காட்டுதானு பாருங்க. ஃபேன் காத்து பட்டாலும் கடைசி இலக்கம் ஆடும். எண் நிக்கிற வரை காத்திருங்க. எடை, சேதாரம் ரெண்டையும் மூணு தசமத்தோட பில்லில் போடச் சொல்லுங்க.