உமது விருப்பம்

கொழும்பில் ஒரே அலுவலகத்திலே பணிபுரியும் நண்பர் இருவர். ஒருவர் கொட்டாஞ்சேனையில் வசிப்பவர், மற்றவர் வெள்ளவத்தைவாசி. போயா விடுமுறை தோறும் இருவரும் காலிமுகத்திடலிற் சந்திப்பர். பின்னர் வெள்ளவத்தையில் ஒரு தேநீர்க்கடை. இடத்தையும் நேரத்தையும் வகுப்பவர் எப்பொழுதும் வெள்ளவத்தை நண்பரே. "எங்கே போவோம்?" என்று அவர் கேளாமலில்லை. "உமது விருப்பம்" என்பதே கொட்டாஞ்சேனை நண்பரின் வழக்கமான விடை. நாளடைவிற் கேள்வியே நின்றுவிட்டது. இரவிலே தனியே பஸ் ஏறி வீடு திரும்பும்போது மட்டும் அவர் மனம் புழுங்கும்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். "உமது விருப்பம்" என்பதைப் பணிவென்று சொன்னவர் கருதுகிறார். கேட்டவரோ அதனைச் சம்மதமென்றே கொள்கிறார். திட்டமிடும் சுமையைத் தாமே தனித்துச் சுமப்பதாகவும் எண்ணுகிறார். ஆகவே, "எல்லாம் உம் இஷ்டந்தானே" என்று குற்றஞ்சாட்டினால் அவர் திகைப்பார். பழைய கணக்குகளை விரித்தால் பேச்சு வழக்காடலாக மாறும்.

சொல்லுதற்குரிய காலம் திடலிற் கால்வைத்த பின்னர் அன்று. விடுமுறைக்கு நான்கைந்து நாள் முன்னதாக, நண்பர் இடத்தைக் குறிப்பிடுமுன்னரே பேசிவிட வேண்டும். அவர் குறித்த பின்னர் பேசினால் அது மறுப்பு. முன்னர் பேசினால் அது யோசனை. சொற்கள் இவ்வாறு அமையலாம்: "நீர் கேட்டபோதெல்லாம் உமது விருப்பம் என்றேன். அது என் தவறு. எனக்கும் சில ஆசைகள் உண்டு. இம்முறை நீர்கொழும்புக்குப் போக விரும்புகிறேன். புகையிரத நேரத்தை நானே விசாரிக்கிறேன். அடுத்த முறை நீர் தெரியும். இனி மாறி மாறி வைத்துக்கொள்வோமா?"

இதிலே தம் பங்குத் தவறு ஒப்புக்கொள்ளப்படுகிறது. இடம் பெயர் சொல்லிக் கேட்கப்படுகிறது. அதற்குரிய உழைப்பும் ஏற்கப்படுகிறது. "எங்காவது புதிய இடம்" என்று மட்டும் சொல்லியிருந்தால், அந்தப் புதிய இடத்தையும் நண்பரே தெரிந்திருப்பார்.

இக்கட்டு இனித்தான் வரும். "அங்கே வெயில் அதிகம், திடலே நல்லது" என்பார் நண்பர். பழக்கம் "சரி" என்று சொல்லத் தூண்டும். அப்பொழுது, "வெயில் தாழ்ந்த பின் போவோம், இடம் நீர்கொழும்பாகவே இருக்கட்டும்" என்பதே தக்க விடை. நேரத்தில் விட்டுக்கொடுக்கலாம், இடத்தில் வேண்டாம். வீட்டில் நோய், கையிற் பணமின்மை போன்ற மெய்யான தடை இருப்பின் நாளை மாற்றலாம். முறை மட்டும் மாறலாகாது. "திடலா, தெகிவளைக் கடற்கரையா?" என்று தமக்குப் பிடித்த இரண்டையே நண்பர் முன்வைப்பதும் உண்டு. அதனுள் ஒன்றைத் தெரிவது உண்மையான பங்காகாது.

நீர்கொழும்புப் பயணம் சுவைக்காமற் போகவுங் கூடும். அதனால் உரிமை போய்விடாது. திடலிலும் சலிப்பான மாலைகள் இருந்தனவே. மூன்றாம் முறை, "இது உமது முறையல்லவா?" என்று நண்பர் தாமாகவே கேட்டால் ஏற்பாடு வேரூன்றிவிட்டது. மாறாக, கொட்டாஞ்சேனை நண்பரின் முறை வரும்போது மட்டும் அவருக்கு வேலை நேர்ந்துகொண்டேயிருந்தால், அதையும் ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அதன் பின்னரும் மாறாவிடின், நீர்கொழும்புக்கு வேறு துணையுடன் போகலாம். மனம் விரும்பும் நாளில் மட்டும் திடலுக்குச் செல்லலாம்.