படத்தில் இருந்த தேங்காய் துருவி

கும்பகோணத்தில் இருக்கும் என் அக்காவுக்கு வலது மணிக்கட்டில் தீராத வலி. அரிவாள்மனையில் உட்கார்ந்து தேங்காய் துருவ முடியவில்லை. அதற்காகவே தேடிப் பிடித்து, இணையத்தில் ஒரு 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் வாங்கினார். விற்பனைப் பக்கத்தின் இரண்டாவது படத்தில் கிரைண்டருக்குப் பக்கத்திலேயே தேங்காய் துருவி பளபளவென்று இருந்தது. பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால் கிரைண்டர் இருக்கிறது, மூடி இருக்கிறது, அளவுக் கோப்பை இருக்கிறது, துருவியை மட்டும் காணோம். தெர்மகோலுக்கு அடியில் கைவிட்டுத் துழாவியும் பார்த்துவிட்டார்.

அன்றே செயலியில் புகார் போட்டார். வரிசையாக வந்த காரணங்களில் "பொருள் விடுபட்டுள்ளது" என்பதைத் தொட்டு, "துருவி வரவில்லை, உடனே அனுப்பவும்" என்று எழுதினார். மறுநாள் பதில் வந்தது: அனுப்பும்போது எடை சரிபார்க்கப்பட்டது, பட்டியலில் உள்ள எல்லாம் பெட்டியில் இருந்தன, புகார் முடிக்கப்பட்டது.

"தம்பி, என்னைப் பொய் சொல்றவளாக்கிட்டாங்கடா" என்று போனில் அழாத குறையாகச் சொன்னார். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கீழே, "பெட்டியில் இருப்பவை" என்ற பட்டியலில் உண்மையிலேயே துருவி இல்லை. விற்பவர் சொன்னதும் சரி, அக்கா பார்த்ததும் சரி. தவறு புகாரின் வாசகத்தில் இருந்தது. பெட்டியிலிருந்து ஒரு பொருள் தொலைந்துபோவது ஒரு குறை. பெட்டியில் வைக்கவே போகாத பொருளைப் படத்தில் காட்டுவது வேறொரு குறை. முதலாவதைச் சொன்னால் கிடங்கில் எடையைத்தான் பார்ப்பார்கள். இரண்டாவதைச் சொன்னால்தான் படத்தைப் பார்ப்பார்கள்.

எது நம் குறை என்று கண்டுபிடிக்கப் பெட்டியின் மேல் ஒட்டிய லேபிளைப் படித்தால் போதும். பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளின்படி, ஒரே பொட்டலத்தில் பல பொருட்கள் இருந்தால் ஒவ்வொன்றின் பெயரையும் எண்ணிக்கையையும் வெளியே அச்சிட வேண்டும். லேபிளில் துருவி என்று இருந்து உள்ளே இல்லையென்றால், அது விடுபட்ட பொருள். லேபிளிலும் இல்லை, படத்தில் மட்டும் இருக்கிறது என்றால், பொருளோடு பொருந்தாத படம். அக்கா வாங்கிய பெட்டியின் லேபிளில் துருவி இல்லை. பயனர் கையேட்டில் துருவியின் படம் இருந்தது. ஆனால் அது பல மாடல்களுக்குப் பொதுவான கையேடு. அதை மட்டும் ஆதாரமாக நம்பியிருந்தால் இரண்டாம் முறையும் தோற்றிருப்போம்.

படத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள், விவரணையும் படமும் உண்மையான பொருளோடு நேராகப் பொருந்த வேண்டும் என்கின்றன. விளம்பரத்தில் காட்டிய அம்சங்கள் பொருளில் இல்லையென்றால், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உள்ளது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு அன்றிரவே புதிய கடிதம் எழுதினோம்.

"குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,
மார்ச் 4 அன்று 4,650 ரூபாய்க்குக் கிரைண்டர் வாங்கினேன். விற்பனைப் பக்கத்தின் இரண்டாவது படத்தில் கிரைண்டரோடு தேங்காய் துருவியும் காட்டப்பட்டுள்ளது. அது தனியாக விற்கப்படும் என்ற குறிப்பு படத்திலும் இல்லை, விவரத்திலும் இல்லை. மார்ச் 8 அன்று வந்த பெட்டியில் துருவி இல்லை. பெட்டியிலிருந்து அது தொலைந்தது என்று நான் சொல்லவில்லை. படம் பொருளோடு பொருந்தவில்லை என்பதே என் புகார். துருவிக்காகவே இந்த மாடலைத் தேர்ந்தெடுத்தேன். இந்த மாடலில் பொருந்தும் துருவியை 15 நாட்களுக்குள் அனுப்புங்கள். இயலாவிட்டால் கிரைண்டரை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள்.
இணைப்பு: விற்பனைப் பக்கத்தின் திரைப்பிடிப்பு, பில், பெட்டி லேபிளின் புகைப்படம்."

கடிதத்தில் கோபமாக ஒரு வார்த்தை கிடையாது. "ஏமாற்று" என்றுகூட எழுதவில்லை. விற்பவரின் மனத்தில் என்ன இருந்தது என்பதை நாம் நிரூபிக்க முடியாது. படத்தில் என்ன இருந்தது என்பதைக் காட்ட முடியும். எத்தனையாவது படம் என்று எண் சொன்னதால் படிப்பவர் தேட வேண்டியதில்லை. "பட்டியலைப் பாருங்கள்" என்ற பழைய பதில் மறுபடி வராதபடி, "தொலைந்தது என்று நான் சொல்லவில்லை" என்று முன்கூட்டியே வழியை அடைத்துவிட்டோம். கேட்டதும் இரண்டே: துருவி, இல்லாவிட்டால் பணம். "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்திருந்தால், வருத்தம் தெரிவித்து ஒரு மின்னஞ்சல் அனுப்புவதும் நடவடிக்கை ஆகிவிடும்.

கடிதத்தோடு இன்னும் இரண்டு காரியங்கள் செய்தோம். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், "விவரணையிலிருந்து மாறுபட்டது" என்ற காரணத்தைத் தேர்ந்து செயலியிலும் பதிவு செய்தோம். கெடு தாண்டினால் அந்தப் பொத்தானே மறைந்துவிடும். அடுத்து, மறுநாள் இட்லிக்கு ஊறப் போட்டிருந்த அரிசியைப் பழைய கிரைண்டரிலேயே அரைக்கச் சொன்னேன். புதியதில் ஒருமுறை மாவு அரைத்துவிட்டால், பயன்படுத்திய பொருள் என்று சொல்லித் திரும்ப எடுக்கத் தகராறு செய்வார்கள்.

படத்தில் இருக்கும் எல்லாவற்றையும் இப்படிக் கேட்க முடியாது. அதே படத்தில் வாழையிலையும் இட்லித் தட்டும் இருந்தன; அவை அலங்காரம் என்று யாருக்கும் தெரியும். இயந்திரத்தில் மாட்டியபடியோ, உதிரிப் பாகங்களோடு வரிசையாகவோ காட்டப்படும் பொருளைத்தான் வாங்குபவர் தனக்கு வருவதாக நியாயமாக நினைப்பார். "துருவி தனி விலை" என்று கண்ணில் படும்படி எழுதியிருந்தாலும் நம் வாதம் நிற்காது. மற்ற வாங்குபவர்கள் பகிர்ந்த படங்களும் உதவாது. அவை விற்பவர் சொன்ன சொல் அல்ல.

குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. அப்படி நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். அவர்கள் நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயல்வார்களே தவிர, உத்தரவு போட முடியாது. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு.

அக்காவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் நாள் ஒப்புகை வந்தது. ஒன்பதாம் நாள் ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் துருவி வந்து சேர்ந்தது. அன்று மாலையே தேங்காயை உடைத்து, கிரைண்டரின் நடுத்தண்டில் துருவியை மாட்டி, ஒரு மூடியைத் துருவிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

சில வாரம் கழித்து அந்த விற்பனைப் பக்கத்தை மறுபடி திறந்தேன். கிரைண்டர் அதே, விலையும் அதே. இரண்டாவது படத்தில் மட்டும் துருவி இல்லை. அது இருந்த பழைய படம், வாங்கிய அன்று அக்கா எங்களுக்குக் காட்ட எடுத்து அனுப்பிய திரைப்பிடிப்பில்தான் இப்போது இருக்கிறது. அது இல்லாமல் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே முடியாது.