லிஃப்ட் ஏஎம்சி: கையெழுத்துக்கு முன் கடைசிப் பக்கம்

அடுக்குமாடிச் சங்கங்களில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, முதல் பக்கத்தில் இருக்கும் தொகையைக் குறைப்பதற்குத்தான் பேரம் நடக்கும். ஆனால் லிஃப்ட் நின்றுபோகும் நாளில் யார் பணம் கட்டுவது என்பதைத் தீர்மானிப்பது கடைசிப் பக்கத்து விலக்குகள்.

ஏஎம்சி பொதுவாக இரண்டு வகை. சாதாரண ஒப்பந்தத்தில் மெக்கானிக் மாதாமாதம் வந்து சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, பிரேக்கையும் கதவையும் சரிபார்ப்பார். உதிரிபாகம் நம் செலவு. காம்ப்ரிஹென்சிவ் ஒப்பந்தத்தில் உதிரிபாகமும் சேரும். முதலாவது 25,000 ரூபாய், இரண்டாவது 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாகக் கட்டும் 35,000 ரூபாய் உதிரிபாகங்களுக்காக மட்டுமே. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், கன்ட்ரோலர் போர்டு, கம்பிக் கயிறு ஆகிய விலை கூடிய மூன்றும் பட்டியலில் பெயரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டனும் கதவு ரோலரும் மட்டும் இருந்தால் அந்தக் கூடுதல் பணம் வீண். கரண்ட் போனால் அருகிலுள்ள தளத்துக்கு லிஃப்டைக் கொண்டுசேர்க்கும் ஏஆர்டியின் பேட்டரி பல ஒப்பந்தங்களில் சேராது. அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

விலக்குகளில் இரண்டு வரிகளை விரல் வைத்துப் படிக்க வேண்டும். ஒன்று, 'இயல்பான தேய்மானம்'. கயிறும் பிரேக் லைனரும் தேய்ந்துதான் போகும். அதையே விலக்கிவிட்டால் காம்ப்ரிஹென்சிவ் என்ற பெயருக்கு அர்த்தமில்லை. அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். மற்றொன்று, 'மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் வரும் சேதம்'. டிரைவ் எரிந்துபோனால், "வோல்டேஜ் சார், இது ஏஎம்சியில வராது" என்று மெக்கானிக் சொல்லிவிடலாம். காரணத்தைச் சொல்பவரும் செலவைத் தவிர்க்க நினைப்பவரும் ஒரே தரப்பு. எனவே, பழுதின் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், கழற்றிய பாகத்தைச் சங்கத்திடம் காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். கீழ்க்குழியில் மழைநீர் தேங்கிக் கெடுவதும் எலி ஒயரைக் கடிப்பதும் பெரும்பாலும் நம் பொறுப்பில்தான் வரும். குழியை உலர்வாக வைத்திருப்பது நம் வேலை.

'24 மணி நேர சேவை' என்றால் எந்த நேரத்திலும் போனை எடுப்பார்கள் என்பது மட்டுமே. உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் எத்தனை நிமிடத்தில் வருவார்கள், சாதாரணப் பழுதுக்கு எத்தனை மணி நேரத்தில் வருவார்கள், வந்த பிறகு எத்தனை நாளில் லிஃப்ட் ஓடும் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். மூன்றாவது இல்லாவிட்டால், ஒரு மணி நேரத்தில் வந்து பார்த்துவிட்டு, "போர்டு ஆர்டர் போட்டிருக்கோம்" என்று இரண்டு வாரம் இழுத்தாலும் ஒப்பந்தப்படி அவர்கள் மேல் குறையில்லை. குறித்த நாளைத் தாண்டி லிஃப்ட் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணத்தில் கழிவு என்று ஒரு வரி சேர்த்தால், சங்கச் செயலாளர் தினமும் போன் போட வேண்டிய வேலை பாதியாகக் குறையும்.