ஸ்டோர் ரூம் பூட்டு உடைந்த காலையில்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஸ்டோர் ரூம் பூட்டு உடைந்து கிடந்தால் முதலில் கிளம்புவது பேச்சுதான். "போன வாரம் நின்னுட்டுப் போனவன் வேலையாத்தான் இருக்கும்" என்று ஆளாளுக்கு ஒரு பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயர் அறிக்கையில் ஏறினால், ஆதாரமே இல்லாமல் ஒரு கூலித் தொழிலாளி ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டிவரும். கண்டதை மட்டும் எழுதுவதுதான் நியாயம்.

"ராத்திரி திருடு போய்விட்டது" என்பதே ஊகம்தான். அதைவிட இப்படி எழுதலாம்: "10ஆம் தேதி மாலை 6.15 மணிக்கு ஸ்டோர் கீப்பர் பொருட்களைச் சரிபார்த்து அறையைப் பூட்டினார். 11ஆம் தேதி காலை 7.40 மணிக்கு சூப்பர்வைசர் வந்தபோது கொக்கி அறுபட்டிருந்தது. பூட்டு தரையில் கிடந்தது." எதிர்க் கடை கேமராவில் எந்த நேரத்தைப் பார்ப்பது என்பது போலீசுக்கு இதிலிருந்தே தெரிந்துவிடும். பழைய பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும் என்பதால், கேமரா இருக்கும் இடத்தையும் அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும். பூட்டை யாரும் தொடக்கூடாது. அது அறுபடாமல் திறந்திருந்தால், சாவி யார் யாரிடம் இருந்தது என்பதை எழுத வேண்டும்.

'பூட்டிய ஸ்டோர் ரூம்' என்ற சொற்களுக்குச் சட்டத்தில் எடை உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில் சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை. பொருட்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்தில் திருடினால் 305ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை போகலாம்.

அடுத்து, போன பொருட்களின் பட்டியல். எழுதுமுன் பொருள் வழங்கும் ரிஜிஸ்டரைப் பார்த்துவிடுங்கள். கான்கிரீட் வைப்ரேட்டர் முதல் நாளே மூன்றாம் மாடிக்குப் போய் அங்கேயே கிடக்கலாம். திருடு போனதாக எழுதிய பொருள் சைட்டிலேயே கிடைத்தால், பட்டியல் முழுவதையும் சந்தேகிப்பார்கள்.

"டிரில்லிங் மெஷின் ஒன்று" என்று எழுதினால், பழைய இரும்புக் கடையில் அப்படிப் பத்து கிடக்கும். கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், வாங்கிய தேதி, பில் தொகை எல்லாம் வேண்டும். மெஷினோடு ஸ்டிக்கரும் போயிருந்தாலும், பில்லிலோ வாரன்டி அட்டையிலோ அட்டைப்பெட்டியிலோ நம்பர் கிடைக்கலாம். அதுவும் இல்லையென்றால் அடையாளம் எழுதலாம்: "கைப்பிடியில் சிவப்பு டேப், ஒயரில் நடுவே ஒட்டு."

வாட்ச்மேன் இரவு இரண்டு மணிக்கு லோடு ஆட்டோ சத்தம் கேட்டதாகச் சொன்னால், அவர் சொன்னதாகவே தனிப் பத்தியில் எழுதுங்கள். அதற்கு விளக்கம் சேர்க்க வேண்டாம். காண்ட்ராக்டருக்கும் போலீசுக்கும் ஒரே பட்டியல்தான் போக வேண்டும். தொகை மாறினால் இன்சூரன்ஸ் கேட்கும்போது சிக்கல் வரும்.

புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீதையும், வழக்குப் பதிவானால் எஃப்.ஐ.ஆர். நகலையும் கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். நகலுக்குக் காசு கிடையாது. விடுபட்ட சீரியல் நம்பர் பிறகு கிடைத்தால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு இன்னொரு கடிதமாகக் கொடுத்துவிடலாம்.