மயில்துத்தத்துக்குள் இருக்கும் தண்ணீர்

தென்னைக்கும் திராட்சைக்கும் போர்டோ கலவை தயாரிக்க விவசாயிகள் வாங்கும் மயில்துத்தமும், பள்ளி ஆய்வகத்தில் காப்பர் சல்பேட் என்று பெயர் எழுதி வைத்திருக்கும் நீலப் படிகமும் ஒன்றுதான். கையில் எடுத்தால் காய்ந்து கெட்டியாக இருக்கும். ஈரம் துளியும் ஒட்டாது. ஆனாலும் 100 கிராம் மயில்துத்தத்தில் 36 கிராம் தண்ணீர். கரைசல் தயாரிக்கும்போது இந்தத் தண்ணீரைக் கணக்கில் சேர்க்க மறந்தால், மொத்தக் கரைசலும் தப்பாகிவிடும்.

இந்தத் தண்ணீருக்குப் படிக நீர் என்று பெயர். மேலே ஒட்டிய ஈரம் வேறு, இது வேறு. ஒவ்வொரு செம்பு அயனியையும் நான்கு நீர் மூலக்கூறுகள் நெருங்கிச் சூழ்ந்திருக்கின்றன. ஐந்தாவது மூலக்கூறு ஹைட்ரஜன் பிணைப்பால் சல்பேட்டைப் பற்றிக்கொண்டிருக்கிறது. இந்த ஐந்தும் சேர்ந்துதான் படிகம் கட்டப்பட்டிருக்கிறது. அதனால்தான் அதன் வாய்பாட்டை CuSO₄·5H₂O என்று நடுவில் ஒரு புள்ளி வைத்து எழுதுகிறார்கள். பாட்டிலின் லேபிளில் முதலில் தேட வேண்டியது அந்தப் புள்ளியைத்தான்.

வேதியியலில் துகள்களை எண்ணிக்கையால் கணக்கிடுகிறோம். தராசு எடையை மட்டுமே காட்டும். எண்ணிக்கையை எடையாக மாற்றித் தருவது மோலார் நிறை, அதாவது ஒரு மோல் பொருளின் எடை. செம்பு 63.55, கந்தகம் 32.06, நான்கு ஆக்சிஜன் 64.00. கூட்டினால் CuSO₄-க்கு 159.61 கிராம். இது தண்ணீரே இல்லாத வெள்ளைப் பொடியின் மோலார் நிறை. நீலப் படிகத்தில் ஒரு மோல் காப்பர் சல்பேட்டோடு ஐந்து மோல் தண்ணீரும் வருகிறது. ஒரு மோல் தண்ணீர் 18.015 கிராம் என்பதால் ஐந்துக்கு 90.08. ஆக, நீலப் படிகத்தின் மோலார் நிறை 249.69 கிராம். தோலோடு கடலை வாங்குகிறவர், எவ்வளவு பருப்பு தேறும் என்று பார்த்துக் கூடுதலாக நிறுத்து வாங்குவது போன்ற கணக்கு இது.

250 மில்லிலிட்டர் 0.1 மோலார் கரைசல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 0.1 மோல் என்றால் கால் லிட்டருக்கு 0.025 மோல். அதை 249.69-ஆல் பெருக்கினால் 6.242 கிராம். இதை நிறுத்து ஒரு முகவையில் போட்டு, சுமார் 100 மில்லிலிட்டர் வாலை வடிநீரில் கரைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது. அதிலுள்ள கார்பனேட் செம்போடு சேர்ந்து கலங்கலாக்கிவிடும். கரைந்ததைப் புனல் வழியாக 250 மில்லிலிட்டர் ஸ்டாண்டர்டு பிளாஸ்க்கில் ஊற்றி, முகவையையும் புனலையும் இரண்டு மூன்று முறை அலசி அந்த நீரையும் உள்ளேயே சேர்க்க வேண்டும். பிறகு கழுத்திலுள்ள கோடு வரை நீர் விட்டு, மூடியைப் பிடித்துக்கொண்டு பல முறை கவிழ்த்துக் கலக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். படிகத்துக்குள் இருந்த 2.25 கிராம் தண்ணீரும் இப்போது கரைசலில்தானே இருக்கிறது, அதைக் கழிக்க வேண்டாமா? வேண்டாம். கரைசலின் மொத்தப் பருமனைக் கோடு வரை நிரப்புகிறோம். படிகம் கொண்டுவந்த தண்ணீரின் அளவுக்கு நாம் ஊற்றுவது தானாகவே குறைந்துவிடும். கரைப்பானின் எடையை வைத்துச் சொல்லும் மோலால் கரைசலில் மட்டும் அந்த 2.25 கிராமைக் கழித்தே ஆக வேண்டும்.

படிக நீரை மறந்து 159.61-ஐ வைத்துக் கணக்கிட்டால் 3.990 கிராம்தான் நிறுப்போம். அந்தப் படிகத்தில் கிடைக்கும் கரைசல் 0.1 அல்ல, 0.064 மோலார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கண்ணால் கண்டுபிடிக்கலாம் என்று நம்ப வேண்டாம். சரியான கரைசலும் நீலம், தவறானதும் நீலம். பக்கத்தில் சரியான கரைசலை வைத்து ஒப்பிட்டால்தான் வெளுத்திருப்பது தெரியும்.

தரம்பார்த்தலில் பிடிபடுமே என்று சொல்லலாம். அங்கேதான் இந்தப் பிழை தன்னை மறைத்துக்கொள்கிறது. காப்பர் சல்பேட்டைத் தரம்பார்க்கும் வழக்கமான முறையில், அதோடு பொட்டாசியம் அயோடைடு சேர்த்து, வெளிவரும் அயோடினைப் பியூரெட்டிலுள்ள ஹைப்போ கரைசலால் தீர்ப்போம். முடிவு நெருங்கும்போது ஸ்டார்ச் சேர்த்து நீலம் மறைவதைப் பார்ப்போம். ஒரு மோல் செம்புக்கு ஒரு மோல் ஹைப்போ செலவாகும். ஹைப்போவும் ஐந்து நீர் மூலக்கூறு கொண்ட உப்புதான்: Na₂S₂O₃·5H₂O, மோலார் நிறை 248.18, நீரில்லாமல் 158.11. இரண்டு உப்புகளின் எண்களும் ஏறக்குறைய ஒன்றே. ஒரே ஆள் இரண்டிலும் படிக நீரை மறந்தால், இரண்டு கரைசல்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் நீர்த்துப்போகும். 20 மில்லிலிட்டர் காப்பர் சல்பேட்டுக்கு 20.07 மில்லிலிட்டர் ஹைப்போ இறங்கும். பார்க்கிறவருக்கு அருமையான ஒத்துப்போதல்! உண்மையில் இரண்டுமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வலுக்குறைந்தவை.

இதை உடைக்க, படிக நீரே இல்லாத ஒரு உப்பைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும். பொட்டாசியம் டைகுரோமேட் அதற்குப் பொருத்தமானது. அதன் வாய்பாட்டில் புள்ளி கிடையாது, மோலார் நிறை 294.18. லிட்டருக்கு 4.903 கிராம் கரைத்து, அதில் 20 மில்லிலிட்டர் எடுத்து அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்தால், வெளிவரும் அயோடினைத் தீர்க்கச் சரியான 0.1 மோலார் ஹைப்போ 20 மில்லிலிட்டர் போதும். பியூரெட்டில் 31 மில்லிலிட்டரைத் தாண்டியும் நிறம் மறையவில்லையென்றால் ஹைப்போவில் பிழை என்று உடனே தெரிந்துவிடும்.

சில நேரம் கணக்கு சரியாக இருந்தாலும் பாட்டில் சரியாக இருக்காது. லேபிள் கிழிந்திருக்கலாம். மூடி சரியாக மூடாமல் வறண்ட காற்றில் கிடந்த மயில்துத்தம், ஓரங்களில் வெள்ளை பூத்து நீரில் கொஞ்சம் இழந்திருக்கலாம். அப்போது லேபிளை விட்டுவிட்டு பொருளையே கேட்பதுதான் நல்லது. பொடித்த படிகத்தில் 1.000 கிராம் எடுத்து ஒரு குரூசிபிளில் வைத்து மெதுவாகச் சூடாக்க வேண்டும். 100 டிகிரியை ஒட்டி நான்கு நீர் மூலக்கூறுகள் போய்விடும். ஐந்தாவது விடைபெற ஏறக்குறைய 200 டிகிரி வேண்டும். நீலம் முழுக்கப் போய் வெள்ளையானதும் டெசிகேட்டரில் ஆறவைத்து நிறுக்க வேண்டும். வெளியே ஆறவைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை அது திரும்ப இழுத்துக்கொள்ளும். எடை மேலும் குறையாத வரை சூடாக்கி நிறுப்பதைத் தொடர வேண்டும். பொடி கறுக்கத் தொடங்கினால் சூடு மீறிவிட்டது என்று அர்த்தம்; சல்பேட்டே சிதைந்து காப்பர் ஆக்சைடாகிறது, அந்த மாதிரியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

முழுமையான படிகமாக இருந்தால் 0.639 கிராம் மிஞ்சும். 0.662 மிஞ்சியது என்றால், அந்த பாட்டிலில் ஏற்கெனவே சிறிது நீர் குறைந்திருக்கிறது. நமக்குத் தேவை 3.990 கிராம் நீரற்ற உப்பு. அதை 0.662-ஆல் வகுத்தால் 6.027 கிராம். அந்த பாட்டிலிலிருந்து 6.242-க்குப் பதில் இதைத்தான் நிறுக்க வேண்டும்.

எல்லா உப்பிடமும் இந்தச் சூட்டு வேலை பலிக்காது. மெக்னீசியம் குளோரைடை ஆறு நீர் மூலக்கூறுகளோடு வாங்கிச் சூடாக்கினால், தண்ணீரோடு ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் வெளியேறும். மிஞ்சுவது நீரற்ற உப்பாக இருக்காது, எடைக் குறைவும் தண்ணீரை மட்டும் காட்டாது. இப்படிப்பட்ட உப்பை உத்தேசமாக நிறுத்துக் கரைத்துவிட்டு, கரைசலிலுள்ள மெக்னீசியத்தை ஈ.டி.டி.ஏ.வால் தரம்பார்த்து, வந்த எண்ணையே பாட்டிலின் மேல் எழுதிவைக்கிறார்கள்.