கரையை நெருங்கும் அலை ஏன் மெதுவாகிறது?

ஆழ்கடலில் ஓர் அலையின் வேகத்தை அதன் அலைநீளம் தீர்மானிக்கிறது. இரண்டு முகடுகளுக்கு இடையே உள்ள தூரம் கூடக் கூட அலையும் விரைந்து போகும். பத்து வினாடிக்கு ஒரு முகடு வீதம் வரும் அலைக்கு அந்தத் தூரம் ஏறத்தாழ 156 மீட்டர். அதன் வேகம் மணிக்கு 56 கிலோமீட்டர்.

அலை போனாலும் அதோடு நீர் போவதில்லை. ஒவ்வொரு துளியும் ஒரு வட்டமடித்து, அநேகமாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறது. கீழே போகப் போக இந்த வட்டங்கள் சுருங்கி, அலைநீளத்தில் பாதி ஆழத்தில் இல்லாததுபோல் ஆகிவிடும். எனவே 78 மீட்டருக்குக் கீழே தரை எங்கே இருந்தாலும் இந்த அலைக்கு ஒன்றுதான்.

அதைவிட ஆழம் குறைந்தால் வட்டங்கள் நசுங்கி நீள்வட்டங்களாகின்றன. தரையை ஒட்டிய நீர் முன்னும் பின்னும் மட்டுமே அசைகிறது. ஆழம் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்தபின் வேகத்தை ஆழம் மட்டுமே தீர்மானிக்கும்: ஆழத்தை 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். இரண்டு மீட்டர் ஆழத்தில் அது வினாடிக்கு 4.4 மீட்டர், அதாவது மிதிவண்டியின் வேகம்.

தரையில் உரசுவதால்தான் அலை மெதுவாகிறது என்று பலர் நினைப்பதுண்டு. ஆனால் மேற்சொன்ன கணக்கில் உராய்வுக்கு இடமே இல்லை. முகடு முன்னேற வேண்டுமானால் அதன் முன்னே உள்ள பள்ளத்தை நீர் நிரப்ப வேண்டும். ஆழமான இடத்தில் தடித்த நீர்ப்படுகை முழுவதும் அசைந்து அந்த நீரைத் தருகிறது. ஆழம் குறைந்த இடத்தில் மெல்லிய படுகையின் வழியாகவே அவ்வளவும் வந்தாக வேண்டும். பள்ளம் நிரம்பத் தாமதமாகிறது, முகடும் தாமதிக்கிறது.

பத்து வினாடிக்கு ஒரு முகடு என்ற கணக்கு மட்டும் கரைவரை மாறாது. ஆகவே மெதுவான அலைகள் நெருங்கி நிற்கின்றன. 156 மீட்டர் இடைவெளி 44 மீட்டராகிறது. சாய்வாக வரும் அலையில் கரைக்கு அருகிலுள்ள முனை முதலில் தாமதிப்பதால், முகடு முழுவதும் கரைக்கு இணையாகத் திரும்பிவிடுகிறது.

அலையின் ஆற்றல் செல்லும் வேகமும் குறைவதால் ஆற்றல் சிறிய பரப்பில் திரண்டு, அலை உயர்கிறது. ஆழ்கடலில் அரை மீட்டர் உயரமிருந்த அலை, ஒரு மீட்டர் ஆழத்துக்கு வரும்போது முக்கால் மீட்டரைத் தாண்டியிருக்கும். உயரம் ஆழத்தில் ஏறத்தாழ எண்பது சதவீதத்தை எட்டியதும் அலை உடைகிறது. முகட்டின் அடியில் நீர் அதிகம், பள்ளத்தில் குறைவு. வேகமான முகடு மெதுவான பள்ளத்தை முந்திக் கவிழ்கிறது.

சுனாமிக்கோ நடுக்கடலே ஆழமற்ற நீர்தான். அதன் அலைநீளம் நூறு கிலோமீட்டரையும் தாண்டும் என்பதால், 4,000 மீட்டர் ஆழமும் அதற்கு மெல்லிய படுகையே. அந்த ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் செல்லும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கிளம்பிய அலை சில மணி நேரத்தில் தமிழகக் கரையைத் தொட்டது இப்படித்தான். பத்து மீட்டர் ஆழத்தில் அதன் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டராகக் குறைந்திருக்கும். ஆனாலும் பின்னால் நீண்டு கிடந்த நீர் வந்துகொண்டே இருந்ததால் அது சாதாரண அலைபோல் உடைந்து ஓயாமல் ஊருக்குள் புகுந்தது.